2,000 குடும்பங்களுக்கு வெள்ள நிவாரணம்: எங்கே கட்டுவது, எங்கே இருப்பு வைப்பது?

வெள்ள நிவாரணத்துக்கான வரவுசெலவுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. ஒரு குடும்பத்துக்கான பொருள்களின் விலையைக் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அதன் கீழே "போக்குவரத்தும் இதரமும்" என்று ஒரு வரி எழுதிப் பத்து விழுக்காட்டைச் சேர்த்துவிடுவார்கள். பொருள்களின் விலை எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், உண்மையில் முடிவு எடுக்க வேண்டிய இடம் அந்தக் கடைசி வரிதான். பொருள்களை எங்கே பைகளாகக் கட்டுவது, எங்கே இருப்பு வைப்பது, கடைசிப் பத்துக் கிலோமீட்டரை யார் பொறுப்பில் கடப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கட்டுரை 2,000 குடும்பங்களுக்கு ஒருமுறை வழங்கும் நிவாரணத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான மூன்று வழிகளையும் செலவு வாரியாக ஒப்பிடுகிறது.

விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எந்த நாட்டுப் பணத்திலும் கணக்குப் போடவில்லை. ஒரு குடும்பத்துக்கான பொருள்களின் மொத்த கொள்முதல் விலையை 100 அலகு என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாச் செலவையும் அந்த அலகிலேயே குறித்திருக்கிறேன். லாரி வாடகை 650 அலகு என்றால் ஆறரைக் குடும்பங்களுக்கான பொருள் விலை என்று பொருள். இந்த வாடகைகளும் கூலிகளும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை; படிப்பவர்கள் தங்கள் இடத்து விலையைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடைகள் திறந்திருந்து சரக்கும் வந்துகொண்டிருக்கும் இடங்களில் பொருளைவிடப் பணமாகக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. இங்கே எடுத்துக்கொண்ட ஊர்களில் கடைகளும் நீரில் மூழ்கிவிட்டன என்று கொள்வோம்.

முதலில் பையின் எடையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாச் செலவும் அதிலிருந்துதான் பிறக்கிறது. அவசரகால உணவுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி என்பதை, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைத் தொகுத்துச் சொல்லும் ஸ்பியர் கையேடு திட்டமிடும் அளவாகக் கொள்கிறது. அந்த அளவை நெருங்கும் பங்கீட்டை நாளொன்றுக்குத் தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், கொஞ்சம் சர்க்கரை, உப்பு என்று வைத்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குப் பதினைந்து நாளுக்குத் தானியம் மட்டுமே 30 கிலோ வருகிறது. மற்ற உணவுப் பொருள்களையும் சேர்த்தால் 38 கிலோ. குளிக்க மாதம் 250 கிராம், துணி துவைக்க 200 கிராம் என்று அதே கையேடு ஒருவருக்குச் சொல்லும் சோப்பு, பாதி மாதத்துக்கும் ஐந்து பேருக்கும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டுகிறது. அதோடு ஒரு வாளி, ஒரு தார்ப்பாய், இரண்டு போர்வை, குளோரின் மாத்திரை ஆகியவற்றைச் சேர்த்தால் உணவு அல்லாத பொருள்கள் ஏறக்குறைய 10 கிலோ. ஆக ஒரு குடும்பத்துக்கு 48 கிலோ. 2,000 குடும்பங்களுக்கு 96 டன்.

இந்த 48 கிலோவை ஒரே மூட்டையாகக் கட்டினால் தாளில் அழகாக இருக்கும், கையில் தூக்க முடியாது. ஒருவர் கையால் தூக்கும் எடைக்கு ஐஎஸ்ஓ 11228-1 என்னும் தரநிலை 25 கிலோவை அடிப்படை வரம்பாக வைக்கிறது. அதுவும் நல்ல தரையில், நேராக நின்று தூக்கும் நிலைக்குச் சொன்னது. முழங்கால் அளவு சேற்றில் நடந்து போகும் தாய்க்கோ முதியவருக்கோ அது பொருந்தாது. அதனால் உணவை 19 கிலோ வீதம் இரண்டு மூட்டைகளாகவும், மற்றவற்றை வாளிக்குள் வைத்து ஒரு மூட்டையாகவும் மூன்றாகக் கட்டுவதாகக் கொள்வோம். சாக்கும் கட்டும் கயிறும் குடும்பத்துக்கு 3 அலகு, கட்டும் கூலி அரை அலகு. ஏழு நாள் பையாகக் கொடுத்து இரண்டாவது வாரம் மீண்டும் போகலாமே என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அது தூக்கும் சிரமத்தைத் தீர்க்கும். ஆனால் கடைசிக் கட்டப் போக்குவரத்தை இரட்டிப்பாக்கும். படகு வேண்டிய ஊர்களில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி இடத்தின் அமைப்பு. கொள்முதல் செய்யும் நகரம் வெள்ளப் பகுதியின் விளிம்பிலிருந்து 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வழங்கும் இடங்கள் எட்டு. அவற்றில் ஐந்துக்குப் பெரிய லாரி போகும். அங்கே 1,400 குடும்பங்கள். மற்ற மூன்று இடங்களுக்குச் சாலையின் முடிவில் இருக்கும் ஒரு படகுத்துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். அங்கே 600 குடும்பங்கள். ஒரு படகு ஒரு நடைக்கு எட்டுக் குடும்பங்களின் மூட்டைகளை, அதாவது ஏறக்குறைய 400 கிலோவை ஏற்றும். நான்கு படகுகள் நாளுக்கு ஐந்து நடை வீதம் ஓடினால் 600 குடும்பங்களை முடிக்க நான்கு நாள் ஆகும். கரையில் இறக்கிக் கொடுக்கும் ஆள்கூலியையும் சேர்த்துப் படகு வாடகை 1,760 அலகு. இது எந்த வழியிலும் மாறாது.

முதல் வழி, நகரத்திலேயே ஒரு கிடங்கு எடுத்து, அங்கே பைகளைக் கட்டி, லாரியில் நேராக வழங்கும் இடத்துக்கு அனுப்புவது. இதை நகரக் கிடங்கு என்போம். இரண்டாவது, பொருள்களை உதிரியாகவே, அதாவது வந்த சாக்கிலும் பெட்டியிலும் அப்படியே, வெள்ள விளிம்பில் உள்ள ஒரு கிடங்குக்குக் கொண்டுபோய், அங்கே கட்டி, இரண்டு டன் ஏற்றும் சிறு வண்டிகளில் பிரித்து அனுப்புவது. இது முன்கிடங்கு. மூன்றாவது, விற்பவரே பைகளைக் கட்டி, சாலையுள்ள ஐந்து இடங்களிலும் படகுத்துறையிலும் கொண்டுவந்து இறக்குவது. அதற்கு அவர் குடும்பத்துக்கு 9 அலகு கூடுதலாகக் கேட்கிறார்.

பொருள் விலையான 2,00,000 அலகை விட்டுவிட்டு, மற்றச் செலவை மட்டும் எழுதினால் இப்படி வருகிறது.

| செலவு (அலகில்) | நகரக் கிடங்கு | முன்கிடங்கு | விற்பவர் இறக்குவது |
|---|---|---|---|
| சாக்கும் கட்டும் கூலியும் | 7,000 | 7,000 | – |
| விற்பவரின் கூடுதல் விலையும் சரிபார்ப்பும் | – | – | 19,000 |
| கிடங்கு வாடகை, காவல், கணக்கர் | 2,200 | 3,140 | – |
| லாரி வாடகை, காத்திருப்பு | 10,200 | 6,500 | – |
| சிறு வண்டி | – | 1,920 | – |
| படகு | 1,760 | 1,760 | 1,760 |
| ஏற்று இறக்கு கூலி | 1,540 | 3,070 | 230 |
| நனைந்து, கிழிந்து போகும் இழப்பு | 1,000 | 3,000 | 300 |
| மொத்தம் | 23,700 | 26,390 | 21,290 |
| ஒரு குடும்பத்துக்கு | 11.9 | 13.2 | 10.6 |

கூட்டங்களில் அதிகம் வாதாடப்படும் லாரி எண்ணிக்கையைச் சீக்கிரமே முடித்துவிடலாம். கட்டிய பைகளுக்குப் பன்னிரண்டு லாரி வேண்டும். உதிரிப் பொருளுக்குப் பத்துப் போதும். காரணம் எளிது: காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம், சோப்பும் மாத்திரையும் வைத்துக் கட்டிய வாளியை அப்படி அடுக்க முடியாது. பத்து டன் லாரியில் கட்டிய பைகள் எட்டு டன்னிலேயே இடத்தை அடைத்துவிடுகின்றன. ஆனாலும் இந்த இரண்டு லாரி வேறுபாடு குடும்பத்துக்கு முக்கால் அலகைத் தாண்டாது. முன்கிடங்கு லாரியில் மிச்சப்படுத்துவதைவிடக் கூடுதலாக, சிறு வண்டியிலும் ஏற்று இறக்கு கூலியிலும் இழப்பிலும் செலவழித்துவிடுகிறது. ஒரு மூட்டையை இரண்டு முறை தூக்குவதற்கும் நான்கு முறை தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு கூலியில் மட்டும் தெரிவதில்லை. ஒவ்வொரு தூக்கலிலும் சில சாக்குகள் கிழிகின்றன.

ஆக, தாளில் விற்பவர் இறக்குவதுதான் மலிவு. முன்கிடங்கைவிட 5,100 அலகு குறைவு. அது ஐம்பத்தொரு குடும்பங்களுக்கான பொருள் விலை. இதைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிற குழுக்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த அட்டவணையில் இரண்டு செலவுகள் எழுதப்படவே இல்லை.

முதலாவது, படகுத்துறையில் நடப்பது. கட்டிய பைகளை ஏற்றிய நான்கு லாரிகள் 600 குடும்பங்களுக்கு வேண்டும். நாளுக்கு ஒரு லாரி வந்தால் படகுகள் அன்றன்றைக்கு அதை முடித்துவிடும் என்று முதல் வழியும் மூன்றாவது வழியும் சொல்லாமலே நம்புகின்றன. காற்று மாறியோ, நீரோட்டம் வலுத்தோ, மேலே உள்ள அணையில் நீர் திறந்துவிட்டோ படகு இரண்டு நாள் நின்றால் என்ன ஆகும்? லாரி ஓட்டுநருக்கு அடுத்த வாடகை காத்திருக்கிறது. அவர் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி இறக்கிய இடம் கரை. கரையில் கூரை இல்லை, மூட்டைக்கு அடியில் வைக்க மரத்தட்டு இல்லை, காவல் இல்லை. அதுவும் ஒரு கிடங்குதான். வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு வரி இல்லை, அவ்வளவுதான்.

இப்படியொரு கரையில் நான் ஓர் இரவு நின்றிருக்கிறேன். மாலையில் இறக்கிய மூட்டைகளை மறுநாள் காலை படகில் ஏற்றுவதாக இருந்தது. நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகளை மூடக் கையில் எதுவும் இல்லாததால், நிவாரணப் பைகளையே அவிழ்த்து உள்ளே இருந்த தார்ப்பாய்களை எடுத்து மேலே விரித்தோம். தானியம் ஓரளவு தப்பியது. காலையில் சேறு படிந்த தார்ப்பாய்களை மடித்துத் திரும்ப வைத்தபோது எந்தப் பையில் இருந்து எடுத்தது எது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாள் முழுவதும் கொடுப்பதைவிட எண்ணுவதில்தான் கழிந்தது. கிடங்குக்கு அப்போது யாரோ ஒருவர் பட்ஜெட்டில் சில அலகுகளை மிச்சப்படுத்தியிருந்தார்.

இந்தத் தடையை அலகில் மதிப்பிட முடியும். நான்கு நாள்களில் நான்கு லாரி அனுப்புவது விலைக்குள் அடக்கம். ஒரு நாள் தாமதம் கட்டணமின்றி. அதற்கு மேல் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் லாரி ஒன்றுக்கு 200 அலகு என்று விற்பவர் எழுதிக் கொடுத்தால், நான்கு லாரிக்கும் நாளொன்றுக்கு 800 அலகு ஓடும். இப்படி எழுதி வாங்கும் ஒப்பந்தம்தான் நல்ல ஒப்பந்தம். காத்திருப்புக் கட்டணம் பற்றி ஒரு சொல்லும் இல்லாத, "கொண்டுவந்து இறக்கிய விலை" என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம் மலிவாகத் தெரிந்தாலும், அதன்படி விற்பவரின் கடமை கரையில் இறக்கியதோடு முடிந்துவிடுகிறது.

நகரக் கிடங்கு வழியில் இந்த இழப்பு குறைவு, ஏனென்றால் மற்ற லாரிகளை ஏற்றாமலே நிறுத்திவைக்கலாம். ஆனால் அதற்கு வேறொரு குறை உண்டு. நகரத்துக்கும் வெள்ள விளிம்புக்கும் இடையில் சாலை எங்காவது அறுந்தால், பொருள்கள் முழுவதும் தவறான பக்கத்தில் நின்றுவிடும். படகு ஓடும், மக்கள் காத்திருப்பார்கள், பை மட்டும் 180 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இதற்கு அலகில் விலை போடுவது கடினம். இருந்தாலும் முடிவெடுக்கும்போது இதை ஒரு வாக்கியமாகவாவது அட்டவணைக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும்.

எழுதப்படாத இரண்டாவது செலவு எடைக் குறைவு. விற்பவரே கட்டும்போது பையைத் தைத்துக் கொண்டுவருகிறார். வழங்கும் இடத்தில் யாரும் அதைத் திறந்து நிறுப்பதில்லை. தானியத்தின் விலை கிலோவுக்கு ஒன்றரை அலகு என்றால், குடும்பத்துக்கு ஒரு கிலோ குறைந்தாலே 2,000 குடும்பங்களுக்கு 3,000 அலகு போகிறது. நகரக் கிடங்கைவிட மூன்றாவது வழி மிச்சப்படுத்திய 2,410 அலகையும் அது விழுங்கிவிடும். முப்பது கிலோவில் ஒரு கிலோ குறைவதைக் கையால் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே, வேகமாக அள்ளிக் கட்டும்போதும் அது நேரும்.

இதற்கு வழி, பைகள் விற்பவரின் இடத்தைவிட்டுக் கிளம்பும் முன்பே மாதிரி எடுத்து நிறுப்பதுதான். ஐஎஸ்ஓ 2859-1 தரநிலையின் வழக்கமான பொது நிலைப்படி, 1,201 முதல் 3,200 வரை எண்ணிக்கையுள்ள ஒரு தொகுதிக்கு 125 மாதிரி எடுக்க வேண்டும். 125 குடும்பங்களின் மூட்டைகளைத் தராசில் வைக்க இரண்டு பேருக்கு ஒரு நாள் போதும். அவற்றில் பத்துப் பதினைந்தை மட்டும் அவிழ்த்து, உள்ளே எல்லாப் பொருளும் இருக்கிறதா என்று பார்க்கலாம். மாதிரியை விற்பவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது, நாமே அடுக்கின் நடுவிலிருந்தும் கீழிலிருந்தும் எடுக்க வேண்டும். வாசல் பக்கத்து அடுக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அட்டவணையில் சரிபார்ப்புக்கென்று 1,000 அலகு வைத்தது இதற்காகத்தான். மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இந்த வரியை முதலில் வெட்டும் குழுக்கள் உண்டு. அப்படி வெட்டினால் அந்த வழியைத் தேர்ந்தெடுத்ததற்கே காரணம் இல்லாமல் போகிறது.

மூன்று வழிகளில் ஒன்றை முழுதாகத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சாலையுள்ள ஐந்து இடங்களில் விற்பவர் இறக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. லாரி வந்த அன்றே 1,400 குடும்பங்களின் பைகளும் கைமாறிவிடும். சிக்கல் முழுவதும் படகுத்துறையில்தான். அதனால் 1,400 குடும்பங்களை விற்பவரிடம் விட்டு, 600 குடும்பங்களுக்கு மட்டும் படகுத்துறை அருகில் ஒரு சிறிய முன்கிடங்கு வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

விற்பவரின் கூடுதல் விலை 12,600, சரிபார்ப்பு 700. முன்கிடங்குப் பக்கத்தில் உதிரிப் பொருளுக்கு மூன்று லாரி 1,950, மூன்று வாரக் கிடங்கும் காவலும் கணக்கரும் 2,050, கட்டுவதற்கு 2,100, கிடங்கிலிருந்து துறைக்குச் சிறு வண்டி 600, படகு 1,760, ஏற்று இறக்கு 920, இழப்பு 900. எல்லாம் சேர்ந்து 23,580, குடும்பத்துக்கு 11.8 அலகு. நகரக் கிடங்குக்கு ஆகும் அதே செலவுதான். ஆனால் படகை நம்பியிருக்கும் பொருள் முழுவதும் சாலை அறுபடக்கூடிய இடத்தைத் தாண்டி, கூரைக்குக் கீழே, துறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

முழுவதையும் விற்பவரிடம் விடுவதைவிட இந்தக் கலப்பு வழிக்கு 2,290 அலகு கூடுதல். படகு நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்த வழிக்கு 800 அலகு ஏறும் என்று மேலே பார்த்தோம். முதல் நாள் கட்டணமில்லை. ஆகவே படகு மொத்தம் நான்கு நாள் நின்றால் இரண்டும் சமமாகி, கலப்பு வழி கொஞ்சம் மலிவாகவே ஆகிவிடுகிறது. முடிவை இந்த ஒரு கேள்விக்குள் கொண்டுவந்துவிடலாம்: இந்தத் துறையில் வழங்கும் காலத்தில் படகு நான்கு நாள் நிற்கக்கூடுமா? இதற்கு விடை அலுவலகத்தில் இருப்பவர்களிடம் கிடைக்காது. அந்த நீரில் படகு ஓட்டுபவர்களைத்தான் கேட்க வேண்டும். நீர் இறங்கத் தொடங்கிவிட்டது, மழைக்காலமும் முடிகிறது என்று அவர்கள் சொன்னால் நான் முழுவதையும் விற்பவரிடமே விட்டுவிடுவேன். "இன்னொரு மழை இருக்கிறது" என்றால் கலப்பு வழிதான். அவர்கள் தயங்கினாலும் கலப்பு வழிதான், ஏனென்றால் கூடுதலாகப் போகும் தொகை குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு. தடை ஏற்பட்டால் கூரையில்லாக் கரையில் நனையப்போவது 28.8 டன் பொருள்.

கலப்பு வழியில் இன்னொரு வசதியும் உண்டு. பயனாளிகள் பட்டியல் எப்போதும் மாறும். உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள், விடுபட்ட தெரு ஒன்று கடைசியில் தெரியவரும். ஏழெட்டுப் பேர் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு பை போதாது என்பதால், ஏழு பேரும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்களுக்கு இரண்டு பை என்று வைக்கும் குழுக்கள் குடும்ப எண்ணிக்கையை அல்ல, பை எண்ணிக்கையைப் பட்ஜெட்டில் எழுத வேண்டும். இப்படி வரும் வேறுபாட்டுக்காக ஐந்து விழுக்காடு, அதாவது நூறு பைகளுக்கான உதிரிப் பொருள், முன்கிடங்கில் இருந்தால் அன்றே கட்டிக் கொடுத்துவிடலாம். விற்பவரிடம் மறுபடி கேட்டு வாங்கினால் சிறு அளவுக்கென்று விலை ஏறும், நாளும் ஆகும்.

அந்தச் சிறிய கிடங்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? 600 குடும்பங்களின் பொருள் ஏறக்குறைய 72 கன மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் 48 சதுர மீட்டர் தரை. நடைபாதையும் சுவரிலிருந்து விடும் ஒரு மீட்டர் இடைவெளியும் சேர்ந்தால் 80. கட்டுவதற்கு இடம் 40. ஆக 120 சதுர மீட்டர். இரண்டு பெரிய அறைகளோ ஒரு சிறு மண்டபமோ போதும். பள்ளிக் கட்டடத்தை முதலில் நினைப்பது இயல்பு. ஆனால் வெள்ள நேரத்தில் பள்ளிதான் முகாமாக இருக்கும், அங்கிருந்து மக்களை நகர்த்தி மூட்டையை வைக்க முடியாது. கதவு அகலம், லாரி திரும்ப இடம், தரை வெள்ளக் குறிக்கு மேலே இருக்கிறதா என்பது இவ்வளவையும் வாடகை பேசும் முன் பார்க்க வேண்டும். சுவரில் பழைய நீர்க்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது கேட்டறிவதைவிட நம்பகமானது.

முன்கிடங்குக்கு நான் ஒன்றரை விழுக்காடு இழப்பு எழுதியிருப்பதில் பெரும்பகுதி ஈரத்தால் வருவது. மரத்தட்டு இல்லாமல் தரையில் நேராக அடுக்கிய தானிய மூட்டை கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். தானியத்தின் ஈரப்பதம் ஏறக்குறைய 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கருவி இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு: காலையில் அடுக்கின் நடுவே, இரண்டு மூட்டைகளுக்கு இடையில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். வெளியே இருப்பதைவிட வெதுவெதுப்பாக இருந்தால் அந்த அடுக்கு சூடேறுகிறது. அன்றே பிரித்துக் காற்றாட விட வேண்டும், அல்லது அன்றே கட்டி அனுப்பிவிட வேண்டும். சோப்புப் பெட்டியையும் குளோரின் மாத்திரையையும் தானியத்துக்குப் பக்கத்தில் அடுக்கக் கூடாது. சோப்பு வாடை தானியத்தில் ஏறிவிட்டால் அது சமைத்த பிறகும் போகாது. வாங்கியவர்கள் அதைக் கெட்டுப்போன தானியம் என்றுதான் நினைப்பார்கள். அதே காரணத்தால் சோப்பை உணவு மூட்டைக்குள் போடாமல் வாளிக்குள் வைக்கிறோம்.

ஒவ்வோர் அடுக்கிலும் ஓர் இருப்பு அட்டை தொங்க வேண்டும்: எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம், எழுதியவர் யார். மாலையில் அட்டையில் உள்ள எண்ணிக்கையும் தரையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், அன்றிரவே காரணத்தைத் தேட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைப்பது காரணம் அல்ல, ஊகம்தான்.

கலப்பு வழியில் எளிதில் மறந்துபோகிற ஒரு தேதி இருக்கிறது: கிடங்கை மூடும் நாள். மூன்று வாரத்துக்கு 2,050 அலகு என்று எழுதியிருக்கிறோம். வழங்கல் முடிந்த பிறகும் மிச்சமிருக்கும் முப்பது நாற்பது பைகளுக்காகக் காவலரும் வாடகையும் இன்னும் ஒரு மாதம் ஓடினால், கலப்பு வழி தன் நியாயத்தை இழந்துவிடும். அதனால் ஒப்பந்தம் எழுதும்போதே, கடைசிப் படகு போன ஐந்தாம் நாள் மிச்சப் பொருளைக் கையெழுத்துப் பெற்று உள்ளூர் முகாமுக்கு ஒப்படைத்துச் சாவியைத் திருப்பித் தருவது என்று வாடகை ஒப்பந்தத்திலும் நிவாரணத் திட்டத்திலும் ஒரே தேதியை எழுதிவிட வேண்டும்.